போத்தலில் மிஞ்சும் தண்ணீர்

பொகவந்தலாவையில் பெப்ரவரி, மார்ச் மாத வெயிலைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஏறத்தாழ 4,000 அடி உயரம், சுற்றிலும் தேயிலை, விடியற்காலையில் கம்பளிச் சட்டை கேட்கும் குளிர். இங்கே எங்கே வெயில் என்பார்கள். பனி விலகி பத்து மணி ஆனதும் மலையில் நின்று பார்த்தால் தெரியும். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மேலேறிய பெண்கள் அதற்குள் ஒரு நிறையை முடித்திருப்பார்கள். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் கொழுந்துப் பை, காலடியில் சரிவு. மதியம் கொழுந்து நிறுக்கும்போது முகமெல்லாம் உப்புப் படிந்திருக்கும்.

ரொட்டிப் பொட்டலத்தோடு ஒரு தண்ணீர்ப் போத்தலும் மலைக்குப் போகிறது. பல நாட்களில் அது பாதி நிறைந்தபடியே லயத்துக்குத் திரும்பி வருகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் ஏறக்குறைய ஒரே பதில்தான்: குடித்தால் போகணும், போக இடமில்லை.

இந்தப் பதில் காதில் விழாதவர்கள் சொல்லும் புத்திமதி ஒன்று இருக்கிறது: ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். பாடசாலையில் சொல்கிறார்கள், வானொலியில் சொல்கிறார்கள், இப்போது கைத்தொலைபேசியில் வரும் வீடியோக்களிலும் அதுதான். எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது, அது யாருக்குப் பொருந்தும், அதை விட்டால் உடம்பில் தண்ணீர் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தப் பள்ளத்தாக்கின் வேலை நாளை வைத்தே பார்க்கலாம்.

பாதியில் நின்றுபோன ஒரு வாசிப்பு

1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு, போசாக்குச் சபை தன் பரிந்துரைகளில் தண்ணீரைப் பற்றியும் எழுதியது. பெரியவர் ஒருவருக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர் தகும் என்றது. இரண்டரை லீற்றர் என்றால் ஏறக்குறைய பத்துக் கிளாஸ். அடுத்து வந்த வாக்கியம்தான் முக்கியமானது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி நாம் சமைத்துச் சாப்பிடும் உணவிலேயே இருக்கிறது என்றும் அந்தச் சபை எழுதியிருந்தது. முதல் வாக்கியம் ஊர் சுற்றியது, இரண்டாவது வாக்கியம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. எட்டுக் கிளாஸ் விதி பிறந்தது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது பலரின் ஊகம்.

சிறுநீரகத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஹைன்ஸ் வால்ட்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த விதிக்கு ஆதாரம் தேடிப் போனார். டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் இருந்தவர். நூல்களையும் ஆய்வுகளையும் புரட்டி, நிபுணர்களைக் கேட்டு, 2002இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மிதமான தட்பவெப்பத்தில், பெரிதாக உடல் வேலை இல்லாமல் வாழும் ஆரோக்கியமான பெரியவர் எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அவர் முடிவு. கடும் வேலை, வெயில், நோய் ஆகியவற்றுக்கு அந்த முடிவு பொருந்தாது என்பதையும் அவரே எழுதிவைத்தார். இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவரையும் பாதியில் வாசித்தவர்களாகிவிடுவோம்.

2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. 23 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 96 வயது முதியவர் வரை 5,604 பேருடைய உடம்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகிறது என்று அளந்தார்கள். யார் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று வாயால் கேட்டு எழுதிய கணக்கு இல்லை அது. கனமான ஹைட்ரஜன் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அது உடம்பை விட்டுக் கரைந்து போகும் வேகத்தைச் சிறுநீரில் அளந்த கணக்கு. பெரியவர்களிடையே ஒருவருக்கு ஒரு லீற்றர், இன்னொருவருக்கு ஆறு லீற்றர் என்கிற அளவுக்கு வித்தியாசம் வந்தது. சூடும் ஈரப்பதமும் மிகுந்த இடம், உடல் உழைப்பு, கர்ப்பம், பாலூட்டுதல் ஆகியவற்றோடு தேவை ஏறியது. உடம்பால் வேலை செய்து பிழைக்கும் நாடுகளிலும் அப்படியே. ஒன்றுக்கும் ஆறுக்கும் இடையில் கிடக்கும் ஒன்றை எல்லோருக்கும் எட்டு என்று எழுதி ஒட்டுவதில் என்ன பயன்?

ஒரே பெண், இரண்டு நாட்கள்

50 கிலோ எடையுள்ள, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த ஆள்தான். எண்களும் கிட்டத்தட்டத்தான். ஆனால் உடம்பு கணக்குப் போடும் முறை இதுவே.

முதலில் மார்ச் மாத வெயில் நாள். மூச்சுக் காற்றோடும், வியர்த்ததே தெரியாமல் தோல் வழியாகவும் சுமார் 700 மில்லிலீற்றர் போகிறது. மலையில் ஏறி இறங்கிப் பறிக்கும் ஐந்தாறு மணி நேரத்தில் வியர்வையாக 1,250 போகிறது என்று வைப்போம். மலத்தோடு ஒரு 100. சிறுநீரகம் சிரமப்படாமல் கழிவை வெளியேற்ற 1,200 மில்லிலீற்றர் சிறுநீர் போக வேண்டும். மொத்தச் செலவு 3,250.

இனி வரவு. காலை ரொட்டி இரண்டும் சம்பலும் தின்றால் அதில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் இருக்கிறது. காய்ந்த பண்டமாகத் தெரியும் ரொட்டியிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 400 கிராம் சோறு 270 மில்லிலீற்றர் தருகிறது. பருப்பும் கீரையும் ஒரு 200. சாப்பிட்டதை உடம்பு எரிக்கும்போது உள்ளேயே உண்டாகும் தண்ணீர் 250. ஆக, ஒரு வாய் குடிக்காமலே 820 மில்லிலீற்றர் வந்துவிட்டது. மூன்று கோப்பை தேத்தண்ணி குடிக்கிறார், கோப்பைக்கு 180 என்றால் 540. மொத்த வரவு 1,360. இன்னும் வேண்டியது 1,890.

எட்டுக் கிளாஸ் விதியில் கிளாஸ் என்பது சுமார் 240 மில்லிலீற்றர். எட்டால் பெருக்கினால் 1,920. அடடா, விதி அப்படியே பொருந்துகிறதே என்று தோன்றும். இந்த ஒரு நாளுக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அதே பெண்ணை ஜூலைக்குக் கொண்டு போவோம். தென்மேற்குப் பருவமழை, நாள் முழுக்கத் தூறல், பனி. வியர்வை 250தான். மற்றதெல்லாம் அதேபடி என்றால் செலவு 2,250. குளிருக்குத் தேத்தண்ணி ஐந்து கோப்பையாகிவிடும், அதில் 900. சாப்பாட்டுக் கணக்கைச் சேர்த்தால் வரவு 1,720. தனியாகத் தண்ணீராகக் குடிக்க வேண்டியது 530 மில்லிலீற்றர், இரண்டு கிளாஸுக்குக் கொஞ்சம் கூட. இந்தப் பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவராக இருந்தால் இரண்டு நாளிலும் இன்னும் 700, 800 மில்லிலீற்றர் ஏறும். ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு கிளாஸும் சரி, எட்டும் சரி, பதினொன்றும் சரி.

தேத்தண்ணியை வரவில் சேர்த்ததைச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேயிலை சிறுநீரை இழுத்துவிடும், அது தண்ணீர்க் கணக்கில் வராது என்பது பரவலான நம்பிக்கை. இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். 2011இல் பிரித்தானிய போசாக்கு இதழில் வெளியான சோதனையில் 21 ஆண்களுக்கு ஒரு நாள் நாலு, இன்னொரு நாள் ஆறு பெரிய கோப்பைத் தேநீரும், வேறு நாட்களில் அதே அளவு வெந்நீரும் கொடுத்து, இரத்தத்தையும் 24 மணி நேரச் சிறுநீரையும் பரிசோதித்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. பீலித் தண்ணீரை அப்படியே குடிப்பதைவிடக் கொதிக்க வைத்த தேத்தண்ணி வயிற்றுக்கும் பாதுகாப்பு. சீனியைப் பற்றிய பேச்சு வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

உடம்பு தண்ணீரைக் கணக்குப் பார்க்கும் விதம்

மார்ச் நாளுக்குத் திரும்புவோம். அந்தப் பெண் அரை லீற்றர் தண்ணீர்தான் குடித்தார். 1,390 மில்லிலீற்றர் குறைகிறது. உடம்பு என்ன செய்யும்?

மூளையின் அடிப்பகுதியில் இரத்தத்தின் உப்புச் செறிவை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உயிரணுக்கள் உள்ளன. செறிவு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு ஏறினாலே அவற்றுக்குத் தெரிந்துவிடும். முதலில் வாசோபிரசின் என்ற ஓமோன் இரத்தத்தில் கூடும். சிறுநீராகப் போகவிருந்த தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள் என்று சிறுநீரகத்துக்குப் போகும் உத்தரவு அது. 1,200 மில்லிலீற்றர் போயிருக்க வேண்டிய சிறுநீரை, ஆரோக்கியமான சிறுநீரகம் 500 வரைக்கும் சுருக்கும். அதற்குக் கீழே போனால் கழிவு தங்கிவிடும். அப்படிச் சுருக்கியதில் 700 மிச்சம். மீதி 690 உடம்பிலிருந்தே போகிறது. காலையில் 50 கிலோ இருந்தவர் மாலையில் 49.3 கிலோ. எடையில் நூற்றுக்கு 1.4 பங்கு குறைந்திருக்கிறது.

வாசோபிரசின் கூடத் தொடங்கிய பின்பு, செறிவு இன்னும் சற்று ஏறும்போதுதான் தாகம் வரும். சிறுநீரின் நிறம் முதலில் மாறும், தாகம் அதன் பிறகு. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தாகம் எடுத்தால் உடம்பு ஏற்கெனவே வற்றிவிட்டது என்று பயமுறுத்துவார்கள். வால்ட்டின் இதற்கும் பதில் எழுதியிருந்தார். செறிவு நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறும் முன்பே தாகம் தொடங்கிவிடுகிறது. வைத்தியர்கள் நீரிழப்பு என்று கவலைப்படும் நிலை நூற்றுக்கு ஐந்து அளவில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிறைய இடைவெளி உண்டு. தாகம் முன்கூட்டியே வரும் எச்சரிக்கை.

இனி நிறம். சிறுநீருக்கு மஞ்சளைத் தருவது யூரோபிலின் என்ற பொருள். ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் உடைந்து பிலிருபின் உண்டாகிறது. குடலில் வாழும் கிருமிகள் அதை மாற்ற, அதிலிருந்து யூரோபிலின் வருகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி எது என்பதை மேரிலாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2024இல்தான் அடையாளம் கண்டார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு நாளில் வெளியேறும் மஞ்சளின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அதே மஞ்சள் 1,200 மில்லிலீற்றரில் கரைந்தால் வெளிர், 500இல் கரைந்தால் இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி.

இதை ஓர் அட்டவணையாக்கியவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1994இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளிறிய மஞ்சளிலிருந்து பச்சை கலந்த பழுப்பு வரை எட்டு நிறங்களை வரிசைப்படுத்தினார்கள். (இங்கேயும் ஓர் எட்டு!) முதல் மூன்று நிறங்கள் தண்ணீர் போதும் என்று சொல்பவை. ஏழும் எட்டும் நன்றாகக் குறைந்துவிட்டது என்பவை. அட்டவணை கையில் இல்லாவிட்டால் என்ன, சமையற்கட்டிலேயே நிறங்கள் இருக்கின்றன. தேசிக்காய் பிழிந்து தண்ணீர் விட்டுக் கலக்கிய நிறத்தில் இருந்தால் சரி. பால் ஊற்றாத வெறும் தேத்தண்ணியை மெல்லிசாகப் போட்ட நிறத்துக்கு வந்துவிட்டால் போத்தலைத் திறக்க வேண்டும். சாயம் கெட்டியாக இறங்கிய தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் மட்டும் போதுமா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். சுத்தமாக நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் போல நாள் முழுக்கப் போவது நல்ல அறிகுறி என்று நினைக்க வேண்டாம். தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பார்க்கும் இடமும் நேரமும் முக்கியம். கழிப்பறைக் கிண்ணத்தில் ஏற்கெனவே தேங்கிய தண்ணீரோடு கலந்தால் எந்த நிறமும் வெளிறித்தான் தெரியும். கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி. விடிந்ததும் போகும் முதல் சிறுநீர் இரவு முழுக்கத் தேங்கியது, எல்லோருக்கும் சற்று அடர்த்தியாகத்தான் இருக்கும். அதை நேற்றைய காலைச் சிறுநீரோடு ஒப்பிட்டால் பயன் உண்டு, மதியத்துச் சிறுநீரோடு ஒப்பிட்டால் பயனில்லை. மலையிலிருந்து வந்ததும் ஒரு லீற்றரை மடமடவென்று குடித்தால் கொஞ்ச நேரத்தில் சிறுநீர் வெளிறிவிடும். குறை தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. சட்டென்று வந்த தண்ணீரில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் அப்படியே வெளியே விடுகிறது. மெல்ல மெல்லக் குடித்து, சாப்பாட்டோடு உப்பும் சேர்ந்தால்தான் உடம்பில் நிற்கும்.

குளிரிலும் நிறத்தை முழுக்க நம்ப முடியாது. குளிரில் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்ளே ஒதுங்கும். உடம்பு அதைத் தண்ணீர் கூடிப்போனதாக எடுத்துக்கொண்டு சிறுநீரை அதிகமாக்கும். தாகமும் மந்தப்படும். பனிக்காலத்துக் காலையில் இரண்டு தடவை வெளிறிய சிறுநீர் போனதை வைத்து மதியம் வரைக்கும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரே அறிகுறியை நம்பாமல் மூன்றை ஒன்றாகப் பார்க்கச் சொன்னவர்கள் அமெரிக்க இராணுவத்தின் சுற்றாடல் மருத்துவ ஆய்வு நிலையத்தில் இருந்த சாமுவேல் சுவ்ரோண்ட், மைக்கல் சாவ்கா என்ற இருவர். 2005இல் அவர்கள் தந்த முறை எளிது. காலையில் எழுந்ததும் எடை, சிறுநீர் நிறம், தாகம் மூன்றையும் பாருங்கள். எடை நேற்றுக் காலையைவிட நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் குறைந்ததா? சிறுநீர் அடர்ந்ததா? தாகம் இருக்கிறதா? ஒன்று மட்டும் இருந்தால் அது ஒன்றையும் நிரூபிக்காது. இரண்டு சேர்ந்தால் தண்ணீர் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. மூன்றும் சேர்ந்தால் அநேகமாக நிச்சயம். 50 கிலோ ஆளுக்கு ஒரு பங்கு என்பது அரைக் கிலோ. கொழுந்தை கிராம் தவறாமல் நிறுக்கும் தோட்டத்தில் ஆளை நிறுக்க ஒரு தராசு வைப்பது பெரிய காரியமா?

நிறம் பொய் சொல்லும் இடங்கள்

தாகத்தையும் நிறத்தையும் நம்பலாம் என்று சொல்லும்போது, யார் நம்பக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சலரோகக்காரருக்கு இரத்தத்தில் சீனி ஏறினால், அது சிறுநீரோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர் வெளிறித்தான் இருக்கும், உள்ளே உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். தீராத தாகமும், இரவில் பல தடவை எழுந்து போவதும், வெளிறிய சிறுநீரும் சேர்ந்து வந்தால் தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரஷருக்குச் சிறுநீர் போகும் குளிசை எடுப்பவர்களுக்கும், பழுதடைந்த சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் நிறம் பயன்படாது. இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர் ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு எட்டுக் கிளாஸ் குடித்தால் கால் வீங்கி, மூச்சு முட்டி வைத்தியசாலையில் கிடக்க நேரும்.

வயதானவர்களுக்குத் தாகமே மந்தம். அவர்களின் சிறுநீரகம் சிறுநீரை முன்போல அடர்த்தியாக்குவதும் இல்லை. எனவே இரண்டு அறிகுறிகளுமே அவர்களைக் கைவிடுகின்றன. லயத்தில் தனியாக விட்டுவிட்டு மலைக்குப் போகும் வீட்டுப் பெரியவருக்கு, தாகம் எடுத்தால் குடியுங்கள் என்று சொல்லிப் போவதில் அர்த்தமில்லை. நேரம் வைத்துத் தேத்தண்ணியோ கஞ்சியோ கொடுக்க ஆள் வேண்டும்.

பி வைட்டமின் குளிசை எடுத்த அன்று சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், காசநோய் மருந்தில் செம்மஞ்சளாகும். இவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்தும் சிறுநீர் கெட்டித் தேத்தண்ணி நிறத்திலேயே இருந்து, கண் மஞ்சளாகி, காய்ச்சலும் வந்தால் அது நீரிழப்பு இல்லை. செங்கமாரியாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றருக்கு மேல் வெளியேற்றாது. அதற்கு மேல் விடாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கும். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் பங்கெடுத்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 வீதத்தினருக்கு உப்பு இப்படிக் குறைந்திருந்தது. அதே ஓட்டத்தில் ஓர் இளம்பெண் இதனாலேயே இறந்தார். கொழுந்து மலையில் இந்த ஆபத்து அரிது. வயிற்றோட்டக்காரருக்கு ஜீவனி கொடுக்காமல் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் இது அவ்வளவு அரிதில்லை.

குடித்தால் போகணும்

இதுவரை சொன்ன அத்தனையும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. தாகம் எடுத்தவர் குடிக்க முடிய வேண்டும், முட்டியவர் போக முடிய வேண்டும். பொகவந்தலாவை மலைகளில் ஆண்களுக்கு இரண்டாவதில் பெரிய கஷ்டமில்லை. பெண்களுக்கு அதுதான் கஷ்டம். சில தோட்டங்களில் மலையிலேயே கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். பல மலைகளில் இல்லை. இருக்கும் இடத்திலும் தண்ணீர் இல்லாமலோ, நிறையிலிருந்து எட்டாத தூரத்திலோ இருப்பது உண்டு. லயத்துக்கு இறங்கிப் போய்த் திரும்பினால் அரை மணி நேரம் போகும், அதற்குள் அடுத்தவர் பையில் இரண்டு கிலோ ஏறியிருக்கும். பேருக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வைத்துச் சம்பளம் போடும் இடத்தில் அந்த இரண்டு கிலோ சாதாரணமில்லை. தேயிலைச் செடிக்கு மறைவில் ஒதுங்கலாம் என்றால் மழைக்காலத்தில் அட்டை, வெயில் காலத்தில் குளவி, எந்தக் காலத்திலும் கங்காணியின் கண். மாதவிடாய் நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே அவர்கள் குடிப்பதைக் குறைக்கிறார்கள். தாகம் சரியாகத்தான் சொல்கிறது, நிறமும் சரியாகத்தான் காட்டுகிறது. அதைக் கேட்டு நடக்கத்தான் வழியில்லை. இந்தப் பெண்களிடம் போய் எட்டுக் கிளாஸ் குடியுங்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சிறுநீர் நிற அட்டவணையைத் தோட்ட மருந்தகச் சுவரில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போவதும் அதே ரகம்தான். சிறுநீர் கறுத்துப் போவது அவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

அடக்கி வைப்பதன் விலை என்ன? தலைவலி, அசதி இவை அன்றைக்கே தெரிந்து, இரவில் குடித்துச் சாப்பிட்டுப் படுத்தால் தீர்ந்துவிடும். தீராதது சிறுநீர்க் கடுப்பு. சிறுநீர்ப்பையில் ஏறும் கிருமிகளைக் கழுவி வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டம்தான். ஓட்டம் குறைந்து, தேங்கும் நேரம் கூடினால் அவை பெருகும். இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று பல்கேரியாவிலிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றருக்கும் குறைவாகக் குடித்து, அடிக்கடி சிறுநீர்க் கடுப்பால் அவதிப்பட்ட 140 பெண்களை அங்கே ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேரை வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள், மற்றவர்கள் பழையபடியே இருந்தார்கள். 2018இல் வெளியான முடிவில், பழையபடி இருந்தவர்களுக்கு வருடத்தில் சராசரி 3.2 தடவை கடுப்பு வந்தது, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். தாகத்துக்கு மட்டும் குடித்தால் போதாத ஆட்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. சிறுநீரகக் கல் வந்து போனவர்களும் அந்த வரிசைதான். நாளுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்வது அவர்களுக்கான வைத்தியம்.

ஆனால் ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்த அந்தப் பெண்களுக்குப் போவதற்குக் கழிப்பறை இருந்திருக்கும். அதை ஆய்வில் தனியாக எழுதத் தேவைப்பட்டிருக்காது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒப்பீடு ஒன்று உண்டு. ஒரு வேலை நாளில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் போகும் சிறுநீரின் நிறத்தையும், ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் போவதன் நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியர்வையால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். எத்தனை தடவை போனீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு தடவை வெளிறிய மஞ்சளாகவும், வேலை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை வரை ஒரே தடவை, அதுவும் கெட்டித் தேத்தண்ணி நிறத்திலும் போனால், தண்ணீர் குடிக்கும் பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை, குறை மலையில்தான். பத்துப் பெண்கள் ஒரே கிழமையில் இதைப் பார்த்துக் குறித்து வைத்தால், தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் துரையின் மேசைக்குக் கொண்டுபோகக் கையில் ஒரு கணக்கு இருக்கும். அங்கே கேட்க வேண்டியதும் தெளிவு: நிறையிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் கதவுள்ள ஒரு கழிப்பறை, உள்ளே தண்ணீர், போய் வரும் நேரத்துக்கு யாரும் கிலோ வெட்டாத ஏற்பாடு. கட்டி முடித்த மறு மாதம் அதே பத்துப் பேர் அதே நேரத்தில் மறுபடி நிறத்தைப் பார்த்தால், கட்டியது போதுமா என்பதும் தெரிந்துவிடும்.